முப்பது நாள் அறிவிப்பு: யாருக்குப் பாதுகாப்பு?

இந்நாட்டில் ஒரே மதத்தைச் சேர்ந்த இருவர் மணம் செய்துகொள்ள விரும்பினால் அரசு அவர்களைக் காத்திருக்கச் சொல்வதில்லை. இந்து திருமணச் சட்டப்படி கோவிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டிக்கொண்ட இணையர், உரிய சான்றுகளோடு சார்-பதிவாளர் அலுவலகத்திற்குச் சென்றால் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். நிக்காஹ் செய்துகொள்ளும் இணையரும் எந்த அரசு அலுவலகத்தின் சுவரிலும் தங்கள் பெயரை ஒட்டிவைத்துவிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் தத்தம் மதத்தை மாற்றிக்கொள்ளாமல் மணந்துகொள்ள முடிவு செய்தால், அவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அந்த வழியின் வாசலில் முப்பது நாள் அறிவிப்பு என்னும் தடைக்கம்பு கிடக்கிறது.

இந்தத் தடைக்கம்பு எல்லோரையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. சொந்த வீடும் சொந்த ஊரும் ஒரே நகரத்தில் உள்ள நடுத்தர வர்க்க இணையருக்கு அது ஒரு தொல்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து வாடகை அறையில் வசிக்கும் தொழிலாளிக்கு அது உயிராபத்து. பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் தாலுகாவிலுள்ள ஹெப்பகோடி போன்ற ஒரு தொழிற்பேட்டை ஊரில் வைத்துப் பார்த்தால் இந்தச் சட்டத்தின் வர்க்கத் தன்மை தெளிவாக விளங்கும்.

ஹெப்பகோடியில் நிற்கும் இருவர்

எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் இடையே ஒசூர் சாலையை ஒட்டி அமைந்த ஊர் ஹெப்பகோடி. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ரயிலும் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. ஆடைத் தொழிற்சாலைகளிலும், மருந்து ஆலைகளிலும், இயந்திர உதிரிபாகப் பட்டறைகளிலும் வேலை தேடித் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்தும், வட கர்நாடகத்திலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் இங்கே வரிசை வீடுகளிலும் விடுதிகளிலும் வசிக்கின்றனர். ஒரே ஷிப்டில் பணிபுரிந்து, ஒரே பேருந்தில் பயணித்து, ஒரே மெஸ்ஸில் உண்ணும் இவர்களிடையே மதத்தையும் சாதியையும் தாண்டிய உறவுகள் முளைப்பது இயல்பு. உற்பத்திக் கூடம் தொழிலாளர்களை ஒன்றாக நிறுத்துகிறது. சட்டம் அவர்களை மறுபடியும் பிரித்து அவரவர் ஊருக்கு அனுப்பப் பார்க்கிறது. எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காண்போம்.

தருமபுரி மாவட்டத்திலிருந்து வந்து ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரியும் ஓர் இந்துப் பெண்; வேலூர் மாவட்டம் குடியாத்தத்திலிருந்து வந்து உதிரிபாகப் பட்டறையில் பணிபுரியும் ஒரு முஸ்லிம் இளைஞர். இருவரும் உரிய வயதை எட்டியவர்கள். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்பது சட்டம் கோரும் வயது. இருவருக்கும் வேறு மண உறவு இல்லை. இருவரும் சம்மதம் தெரிவிக்கும் மனநிலை உடையவர்கள். தடை செய்யப்பட்ட உறவுமுறையில் வருபவர்களும் அல்லர். சட்டத்தின் 4ஆம் பிரிவு கேட்பது இவ்வளவுதான். மதம் என்ன என்பதோ, பெற்றோர் சம்மதித்தனரா என்பதோ அந்தப் பிரிவில் இல்லை.

இனி 5ஆம் பிரிவு. இருவரில் ஒருவராவது, அறிவிப்பு கொடுக்கும் நாளுக்கு முந்தைய முப்பது நாட்களாவது அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். அந்த இளைஞர் ஜனவரி 1ஆம் தேதி ஹெப்பகோடியில் அறை எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 2ஆம் தேதி திருமண அலுவலரிடம் அறிவிப்பைக் கொடுக்கலாம். கர்நாடகத்தில் சார்-பதிவாளர்தான் இந்தப் பொறுப்பை வகிக்கிறார். அறிவிப்புப் படிவம் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே அச்சிடப்பட்டுள்ளது. அதில் பெயர், மணமாகாதவரா அல்லது துணையை இழந்தவரா என்ற நிலை, தொழில், வயது, வசிப்பிடம், அது நிரந்தரமில்லை எனில் நிரந்தர வசிப்பிடம், எவ்வளவு காலமாக வசிக்கிறார் என்பவை மட்டுமே கேட்கப்படுகின்றன. அந்தப் படிவத்தில் மதம் என்றொரு கட்டமே கிடையாது. தந்தை பெயருக்கும் கட்டம் இல்லை. மதத்தைக் கேட்காத சட்டம் என்பதே இதன் பெருமை. ஆனால் சுவரில் ஒட்டப்படும் இரண்டு பெயர்களைப் படிப்பவருக்கு மதத்தைத் தனியே எழுதிக் காட்டவும் வேண்டுமோ?

பிப்ரவரி 2 அன்றே அறிவிப்பு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டால், மார்ச் 4ஆம் தேதியோடு முப்பது நாள் முடியும். அதன்பின் மூன்று சாட்சிகளோடு சென்று, மூன்றாம் அட்டவணையில் உள்ள உறுதிமொழியில் கையெழுத்திட்டு, ஒருவரையொருவர் சட்டப்படியான துணையாக ஏற்பதாக அலுவலர் முன் சொன்னால் திருமணம் முடிந்துவிடும். அறை எடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் இரண்டு மாதங்களுக்கும் மேல். இந்து திருமணச் சட்டப்படி ஒரே நாளில் முடியும் காரியம் இது.

மூன்று மாவட்டச் சுவர்கள்

இந்த இரண்டு மாதங்களில் நடப்பதுதான் முதன்மையானது. அறிவிப்பு ஒரு சுவரில் மட்டும் ஒட்டப்படுவதில்லை. 6ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி, இருவரில் எவரேனும் அந்த மாவட்டத்தில் நிரந்தரமாக வசிப்பவர் இல்லையெனில், அவருடைய நிரந்தர வசிப்பிட மாவட்டத்தின் திருமண அலுவலருக்கும் அறிவிப்பின் நகல் அனுப்பப்பட வேண்டும். அவரும் தம் அலுவலகத்தில் பலரும் காணும் இடத்தில் அதை ஒட்டவேண்டும். நம் எடுத்துக்காட்டில் இருவருமே வெளியூர்க்காரர்கள். ஆகவே ஒரு நகல் தருமபுரிக்கும், இன்னொரு நகல் வேலூருக்கும் செல்லும். பெங்களூருவிலேயே பிறந்து வளர்ந்த இணையருக்கு ஒரு சுவர். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த இணையருக்கு மூன்று சுவர்கள்.

தருமபுரியில் ஒரு காதல் திருமணச் செய்தி பரவினால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு 2012 நவம்பரில் கண்டது. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாக்கப்பட்டன. அத்தகைய மண்ணுக்கு, இன்ன பெண் இன்ன இளைஞரை இன்ன தேதிக்குப் பின் மணக்கவிருக்கிறார், அவர்கள் இன்ன முகவரியில் வசிக்கிறார்கள் என்று அரசே தபால் அனுப்புகிறது. படிவத்தில் கேட்கப்படும் வசிப்பிடம் என்ற கட்டத்தின் பொருள் இப்போது புரிகிறது. அது அலுவலருக்குத் தேவையான தகவல். ஆனால் சுவரில் ஒட்டப்பட்டவுடன் அதுவே வேட்டைக்காரருக்குத் தரப்படும் வழிகாட்டியாகிறது. அறிவிப்புப் புத்தகத்தை எவர் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்வையிடலாம் என்றும் அதே பிரிவு அனுமதிக்கிறது. பார்ப்பவர் யார், எதற்காகப் பார்க்கிறார் என்று கேட்கும் கடமை எவருக்கும் இல்லை.

இது வெறும் அச்சம் என்று சொல்வோருக்குச் சிக்கமகளூரு பதில் சொல்லும். 2022 செப்டம்பரில் அங்கே திருமணப் பதிவுக்காகச் சார்-பதிவாளர் அலுவலகத்திற்கு வந்த ஒரு முஸ்லிம் இளைஞரையும் ஒரு தலித் பெண்ணையும் இந்துத்துவ வெறியர்கள் வழிமறித்துத் தாக்கினர். பின்னர் நால்வர் கைது செய்யப்பட்டனர். அரசு அலுவலகத்தின் வாசலே தாக்குதல் களமாக முடிகிறது என்றால், அந்த வாசலுக்கு யார் எப்போது வருவார்கள் என்பதை முன்கூட்டியே ஒட்டிவைப்பது யாருக்கு உதவும்?

கேரளத்தில் பதிவுத்துறை இந்த அறிவிப்புகளைப் புகைப்படத்தோடும் முகவரியோடும் தன் இணையதளத்தில் வெளியிட்டு வந்தது. மதவெறிக் கும்பல்கள் அவற்றைப் பதிவிறக்கி, ‘லவ் ஜிகாத்’ பட்டியல் என்று சமூக ஊடகங்களில் பரப்பின. இதனால் 2020 ஜூலையில் இடது ஜனநாயக முன்னணி அரசு இணையதள வெளியீட்டை நிறுத்தியது. வரவேற்கத்தக்க நடவடிக்கை. எனினும் அலுவலகச் சுவரில் ஒட்டுவதை ஒரு மாநில அரசு தானாக நிறுத்திவிட இயலாது. அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் உள்ளது. முப்பது நாள் முடியுமுன் திருமணத்தை நடத்திவைக்கும் அலுவலருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை என்கிறது அதே சட்டம். அதனால் நல்ல மனம் கொண்ட அலுவலராலும் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது.

ஆட்சேபணை என்னும் ஆயுதம்

அறிவிப்பு வெளியான முப்பது நாட்களுக்குள் எவர் வேண்டுமானாலும் ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்கிறது 7ஆம் பிரிவு. இணையருக்குச் சிறிதும் தொடர்பில்லாத ஒருவரும் தெரிவிக்கலாம். ஆனால் ஆட்சேபணைக்குரிய காரணம் 4ஆம் பிரிவின் நிபந்தனைகளுள் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும். வயது குறைவு, முந்தைய மணம் நிலுவையில் உள்ளது, சம்மதம் தரும் நிலையில் இல்லை, தடை செய்யப்பட்ட உறவு ஆகியவை மட்டுமே காரணங்கள். ‘வேறு மதம்’, ‘குடும்ப மானம்’, ‘பெற்றோருக்கு விருப்பமில்லை’, ‘பெண்ணை மயக்கிவிட்டான்’ என்பவை சட்டத்தின் கண்ணில் ஆட்சேபணைகளே அல்ல. மேலும் ஆட்சேபணையின் தன்மையை அலுவலர் அறிவிப்புப் புத்தகத்தில் எழுத்தில் பதிய வேண்டும். தெரிவித்தவருக்கு அதைப் படித்துக் காட்டி அவருடைய கையெழுத்தைப் பெற வேண்டும். கும்பலாக வந்து மேசையைத் தட்டிக் கூச்சலிடுவது ஆட்சேபணை ஆகாது. ‘மேலே புகார் வந்திருக்கிறது, பிறகு வாருங்கள்’ என்று இணையரைத் திருப்பி அனுப்பும் அலுவலகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: புத்தகத்தில் கையெழுத்துடன் பதிவான ஆட்சேபணை எங்கே?

ஆயினும் பொய்யான ஆட்சேபணையும் தன் வேலையைச் செய்துவிடும். நம் இணையருக்கு எதிராக மார்ச் 3ஆம் தேதி ஒருவர் வந்து, இளைஞருக்கு ஊரில் ஏற்கெனவே மனைவி இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தால், விசாரித்து முடிவெடுக்க அலுவலருக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. ஏப்ரல் 2 வரை திருமணம் இல்லை. ஆட்சேபணை ஏற்கப்பட்டால் அடுத்த முப்பது நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். தள்ளுபடி செய்யப்பட்டாலும் இணையர் விரைந்தாக வேண்டும். ஏனெனில் அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் திருமணம் நடைபெறாவிட்டால் அறிவிப்பே காலாவதியாகிவிடும் என்கிறது 14ஆம் பிரிவு. மே மாதத் தொடக்கத்திற்குள் முடியவில்லை என்றால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். மீண்டும் மூன்று சுவர்கள்.

இப்படி ஒரு பெண்ணையும் ஆணையும் மாதக்கணக்கில் தலைமறைவாக வாழச் செய்த பொய் ஆட்சேபகருக்கு என்ன தண்டனை? நல்லெண்ணமின்றித் தெரிவிக்கப்பட்ட ஆட்சேபணைக்கு அலுவலர் இணையருக்கு ஈட்டுத்தொகை வழங்க உத்தரவிடலாம். அதன் உச்சவரம்பு ஆயிரம் ரூபாய்! 1954இல் நிர்ணயித்த தொகை அப்படியே இருக்கிறது. அன்று அது ஒரு தொழிலாளியின் பல மாத ஊதியம். இன்றோ ஹெப்பகோடித் தொழிலாளியின் ஓரிரு நாள் கூலியையே அது ஈடுகட்டும்.

சான்றுகள் யாரிடம் உள்ளன?

அறிவிப்பைக் கொடுப்பதற்கு முன்னரே ஒரு தடை காத்திருக்கிறது. அலுவலகங்கள் கேட்பவை வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், சாட்சிகளின் அடையாளச் சான்றுகள். முன்பே மணமானவராக இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது துணையின் இறப்புச் சான்றும் தேவை. வயதுக்கு எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் சான்று போதும். ஆனால் வீட்டைவிட்டு வெளியேறி வந்த பெண்ணின் மதிப்பெண் சான்று பெரும்பாலும் பெற்றோரின் அலமாரியில்தான் இருக்கும்.

முகவரிச் சான்று இன்னும் கடினம். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கும். சட்டம் கோருவது முப்பது நாள் வசிப்பை. அதற்குச் சொந்த வீடோ, பதிவு செய்த வாடகை ஒப்பந்தமோ வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் நடைமுறையில் அலுவலகம் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்கும். வரிசை வீட்டு உரிமையாளரோ துண்டுச் சீட்டுகூடத் தராமல் முன்பணத்தையும் வாடகையையும் ரொக்கமாக வாங்குபவர். ஒப்பந்தத் தொழிலாளரை ஒரே அறையில் எட்டுப் பேராக அடைத்து வைக்கும் ஒப்பந்தக்காரர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடமாட்டார். ஹெப்பகோடியில் மூன்றாண்டுகளாக வசித்து உழைத்தவரும் அங்கே முப்பது நாள் வசித்ததாக நிரூபிக்க இயலாமல் நிற்கிறார். முறைசாரா உழைப்புச் சுரண்டல் தொழிலாளியின் ஊதியத்தை மட்டும் பறிப்பதில்லை. அவர் விரும்பியவரை மணக்கும் உரிமையையும் சேர்த்துப் பறிக்கிறது.

நிரந்தர முகவரியை மறைத்துவிட்டால் என்ன என்று சிலர் நினைக்கலாம். அது சிக்கலை வளர்க்கும். உறுதிமொழியில் பொய்யுரைப்பது தண்டனைக்குரிய குற்றம். பின்னாளில் அந்த இணையர்மீதே அது வழக்காகத் திரும்பும். உழைக்கும் இணையரைப் பொய் சொல்லத் தூண்டும் சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு கதவும் மூடப்படுகையில்

இந்தத் தொல்லைகளைத் தவிர்க்கவே பல இணையர் குறுக்கு வழியை நாடுகின்றனர். ஒருவர் மதம் மாறிக்கொண்டு ஆரிய சமாஜத்திலோ, நிக்காஹ் மூலமோ மணம் முடிப்பது அந்த வழி. நம்பிக்கையால் நேரும் மதமாற்றம் அவரவர் உரிமை. ஆனால் நோட்டீஸுக்கு அஞ்சி நேரும் மதமாற்றத்தின் பொறுப்பாளி அரசுதான். இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, மணத்திற்காக மதம் மாற்றுகிறார்கள் என்று கூக்குரலிடுகிறது சங் பரிவாரம்.

அந்தக் கூக்குரலே சட்டமாகவும் ஆயிற்று. 2020 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் அவசரச் சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 2022 மே மாதத்தில் பாஜக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டு செப்டம்பரில் அதை நிலையான சட்டமாக்கியது. மதம் மாற விரும்புபவர் முப்பது நாட்களுக்கு முன்னரே மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அறிவிக்க வேண்டும். அதுவும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு ஆட்சேபணை கோரப்படும். பெற்றோர், உறவினர் மட்டுமின்றி உடன் பணிபுரிபவரும் புகார் அளிக்கலாம் என்பது அச்சட்டம். மதம் மாறாமல் மணந்தால் முப்பது நாள் நோட்டீஸ். மதம் மாறி மணந்தால் முப்பது நாள் நோட்டீஸும் சிறை அபாயமும். இரண்டு கதவுகளையும் பூட்டிவிட்டு, ஏன் ஓடிப்போகிறீர்கள் என்று கேட்பதுதான் இவர்களுடைய ஒழுக்கம். இச்சட்டத்தைத் திரும்பப் பெறுவதென 2023 ஜூனில் காங்கிரஸ் அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் மதமாற்றச் சட்டத்தை விலக்குவதோடு பிரச்சனை தீராது. மதம் மாறாமலே மணக்க விரும்பும் இணையரின் கதவு அப்போதும் பாதிதான் திறந்திருக்கும்.

‘ஏமாற்றப்படும் பெண்களைக் காக்க’ என்னும் வாதம்

நோட்டீஸுக்கு ஆதரவான வாதங்களுள் ஒன்றை மட்டும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மணமான ஆண் அதை மறைத்து இன்னொரு பெண்ணை ஏமாற்றிவிடலாம். முன்கூட்டிய அறிவிப்பு அதைத் தடுக்கும் என்பது அந்த வாதம். கைவிடப்பட்ட பெண்களின் துயரத்தை நேரில் கண்ட மாதர் இயக்கத் தோழர்களில் சிலரும் இதைக் கேட்பதுண்டு.

இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவையும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 4ஆம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். உயிருடன் உள்ள துணை இருக்கக்கூடாது, உரிய வயது வேண்டும், தடை செய்யப்பட்ட உறவு கூடாது என்ற நிபந்தனைகள் இரண்டிலும் உள்ளன. இரண்டாவது மனைவி என்ற ஏமாற்று இந்து திருமணங்களில் நடப்பதில்லையா? நடக்கிறது. அதற்காக ஒவ்வொரு இந்து மணமகனின் பெயரையும் முப்பது நாள் சுவரில் ஒட்டச் சொல்லி எவரும் கோரவில்லை. ஆகவே மோசடியைத் தடுப்பது நோட்டீஸின் நோக்கம் எனில், மதம் கடந்த இணையர் மட்டுமே மோசடிக்காரர்கள் என்று அரசு கருதுவதாகப் பொருளாகும். உண்மையில் பாதுகாப்பு வேறு இடத்தில் உள்ளது. முந்தைய மணத்தை மறைத்துச் செய்த திருமணம் செல்லாது. மறைத்தவர் இருதார மணக் குற்றத்திற்கு ஆளாவார். மூன்று சாட்சிகள் கையெழுத்திடுகின்றனர். பதிவுத்துறை தன்னிடமுள்ள திருமணப் பதிவேடுகளைத் தானே சரிபார்க்கலாம். இவற்றில் எதற்கும் ஊர்ச் சுவர் தேவையில்லை.

வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். 1872ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலச் சட்டம், மணப்பவர்கள் தாங்கள் எந்த முக்கிய மதத்தையும் பின்பற்றவில்லை என்று அறிவிக்கக் கட்டாயப்படுத்தியது. சுதந்திர இந்தியா 1954இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் 1872 சட்டத்தில் அறிவிப்புக் காலம் பதினான்கு நாட்களாக இருந்தது. சுதந்திர நாட்டின் சட்டம் அதை முப்பதாக்கியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டது.

நீதிமன்றங்கள் சொன்னதும் சொல்லாததும்

இணையரின் வீட்டு முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பும் வழக்கத்தை 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் தவறென்றது. சட்டத்தில் அதற்கு இடமில்லை, அது இணையரின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்று சுட்டியது. ஹரியானாவில் பெற்றோருக்கு நோட்டீஸ், நாளிதழில் விளம்பரம் எனச் சட்டத்தில் இல்லாதவற்றையெல்லாம் சேர்த்து அலுவலகங்கள் வைத்திருந்த பட்டியலை 2018இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் கண்டித்துத் திருத்தச் சொன்னது. 2020 நவம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றமும், வயது வந்தவர் தம் விருப்பப்படி மணப்பது அடிப்படை உரிமை என்று ஒரு மதம் கடந்த இணையரின் வழக்கில் உறுதிசெய்தது. 2021 ஜனவரி 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு மேலும் ஓர் அடி முன்னே சென்றது. நோட்டீஸை வெளியிட வேண்டுமா, வேண்டாமா என்பது இணையரின் விருப்பம். வெளியிட வேண்டுமென அவர்கள் எழுதிக் கேட்காவிட்டால் வெளியிடக்கூடாது என்று நீதிபதி விவேக் சௌத்ரி தீர்ப்பளித்தார். 2017இன் அந்தரங்க உரிமைத் தீர்ப்பின் இயல்பான தொடர்ச்சி அது. அந்தத் தீர்ப்பு கர்நாடகத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், பெங்களூருவில் எழும் வழக்கில் எடுத்துவைக்கத் தக்கது.

உச்சநீதிமன்றமோ நழுவியது. இந்தப் பிரிவுகளை எதிர்த்து ஒரு சட்ட மாணவி 2020இல் தொடுத்த வழக்கு, அவர் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்ற காரணத்தால் 2022 ஆகஸ்டில் தள்ளுபடி செய்யப்பட்டது. நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் யார்? முகவரி தெரிந்துவிடுமே என்று அஞ்சி அறைக்குள் ஒளிந்திருப்பவர். அவர் தம் பெயரையும் முகவரியையும் எழுதி உச்சநீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டுமாம்!

இதே உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணம் குறித்து 2023 ஆகஸ்டில் வேறு நிலை எடுத்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின்படி நடக்கும் திருமணத்திற்கு ஊரறியும் அறிவிப்பு தேவையில்லை. அத்தகைய நிபந்தனை குடும்பத்தின் எதிர்ப்பைச் சந்திக்கும் இணையரின் உயிரை ஆபத்தில் தள்ளும் என்று அது தெளிவாகச் சொன்னது. சுயமரியாதைத் திருமணம் இந்துக்கள் இருவருக்கிடையே மட்டுமே செல்லும். அங்கே உயிராபத்தாகத் தெரியும் ஊரறிவிப்பு, மணமகன் முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ இருக்கும்போது மட்டும் பாதுகாப்பாக மாறுவது எந்தத் தர்க்கத்தில் அடங்கும்?

கோரிக்கைகளும் கடமைகளும்

நாடாளுமன்றத்திடம் வைக்கும் கோரிக்கை தெளிவானது. 6, 7ஆம் பிரிவுகளில் உள்ள வெளியீடும், எவரும் ஆட்சேபிக்கலாம் என்ற ஏற்பாடும் நீக்கப்பட வேண்டும். முப்பது நாள் வசிப்பு நிபந்தனை கைவிடப்பட வேண்டும். அதுவரை பொய் ஆட்சேபணைக்கான ஈட்டுத்தொகை, இழந்த கூலிக்கும் அலைச்சலுக்கும் ஈடாகும் அளவுக்கு உயர்த்தப்பட வேண்டும்.

கர்நாடக அரசு டெல்லியைச் சுட்டிக்காட்டித் தப்பிக்க முடியாது. இச்சட்டத்தின்கீழ் விதிகள் வகுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. அறிவிப்பை இணையத்தில் ஏற்றக்கூடாது. பெற்றோருக்குக் கடிதமோ, காவல் நிலையம் வழியாக விசாரணையோ கூடாது. தொழிற்சாலை அடையாள அட்டை, ஊதியச் சீட்டு, இ.எஸ்.ஐ. பதிவு, உடன் வசிப்போரின் உறுதிமொழி ஆகியவற்றை முப்பது நாள் வசிப்புக்குச் சான்றாக ஏற்க வேண்டும். இவற்றை ஓர் உத்தரவின் மூலமே செய்யலாம். 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்சநீதிமன்றம், மிரட்டலுக்கு ஆளாகும் இணையருக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவும், இருபத்துநான்கு மணி நேர உதவி எண்ணும், பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று மாநிலங்களுக்கு வழிகாட்டியது. தொழிற்பேட்டைகள் நிறைந்த ஆனேக்கல் தாலுகாவுக்கு அவை எட்ட வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் மாதர், இளைஞர் அமைப்புகளுக்கும் இங்கே நேரடியான வேலை உண்டு. இணையர் அறிவிப்பு கொடுக்கும் நாளில் உடன் சென்று, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்க வேண்டும். முப்பது நாள் கணக்கு, அறிவிப்பு கொடுத்த அலுவலகத்தில் அது ஒட்டப்பட்ட நாளிலிருந்தே தொடங்குகிறது. தருமபுரியிலிருந்தோ வேலூரிலிருந்தோ பதில் வரட்டும் என்று காக்க வைத்தால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று எழுத்தில் வலியுறுத்த வேண்டும். மூன்று சாட்சிகளுக்காக இணையர் தெருவில் அலையும் நிலை கூடாது. சங்கத்தின் தோழர்களே சாட்சிகளாக நிற்க வேண்டும். மிரட்டல் வந்தால் திருமண நாளுக்கு முன்பே காவல்துறையிடம் எழுத்துப்பூர்வமாகப் பாதுகாப்பு கோர வேண்டும்.

2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியைத் தொழிலாளர் எடுப்பதைக் கட்டுப்படுத்திய ஒன்றிய அரசின் உத்தரவை எதிர்த்துப் பெங்களூருவின் ஆடைத் தொழிலாளர்கள் ஒசூர் சாலைக்கு வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரண்டே நாட்களில் மோடி அரசு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. தம் சேமிப்பை எப்போது எடுப்பது என்பதைத் தாமே முடிவு செய்வோம் என்று அன்று அவர்கள் சொன்னார்கள். தாம் யாரை மணப்பது என்பதற்கும் எந்தச் சுவரின் அனுமதியும் தேவையில்லை என்பதைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அவர்களோடு சேர்ந்து எழுதுவது இயக்கத்தின் கடமை.